பூப்படத்துக்குக் கீழே இருந்த செய்தி

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் என் பிழைப்பு டயாலிசிஸ் மையத்து வராந்தாவில்தான். உள்ளே அவர் படுத்திருப்பார். ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நான் வெளியே நீல நாற்காலியில் ஜெபம் சொல்லிக்கொண்டு இருப்பேன். எனக்கு நேர் எதிரே, ஒரு பழைய மேசைக்குப் பின்னால் இருப்பவர்தான் மேசையக்கா.

அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யார் எந்த பெட், யாருக்கு எந்த நேரம், யாருக்கு ஊசி மருந்து தீரப்போகிறது என்பதெல்லாம் அந்த மேசையில்தான். நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. ஆனால் உள்ளே போகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். "என்னண்ணே, முகம் வீங்கியிருக்கு. தண்ணிப் பானையைத் தலையணையா வச்சுத் தூங்குனீங்களா?" என்று அவர் கேட்டால் எடை பார்க்கும் மெஷினுக்கு வேலையே இல்லை. சரியாகத்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு வருமுன் மேசையக்கா ஒரு அச்சகத்தில் இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கடை திறப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் வாசகம் கோத்துக் கொடுப்பது அவர்தான். "அன்புடையீர்" என்று தொடங்கி "தங்கள் நல்வரவை நாடும்" என்று முடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். தம்பிகள் இரண்டு பேரைப் படிக்க வைத்தது அந்த அன்புடையீர்தான் என்று சிரிப்பார். தம்பிகளுக்குக் குடும்பமாயிற்று. இவர் கல்யாணம் மட்டும் அச்சுக்குப் போகவே இல்லை. அச்சகம் மூடிய பிறகு தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை, இங்கே ஒரு மேசை என்று காலம் போயிற்று.

மையத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நோயாளிகள், வீட்டார் எல்லாரும் அதில் இருந்தோம். அதை நடத்தியவரும் மேசையக்காதான். விடிந்ததும் ஒரு பூப்படம் வரும். பனித்துளி விழுந்த ரோஜா, கீழே "இன்றைய நாள் இனிய நாளாகட்டும்." அப்புறம் உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு படம். சாயங்காலம் கும்பிட்ட கையோடு ஒரு பிரார்த்தனை. அக்காவின் மனசு தங்கம். படுத்துக் கிடப்பவர்களுக்கு யாராவது ஒரு பூவைக் காட்டினால் நல்லதுதானே என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இடப்பக்கத்து பெட்டில் லாரிக்காரர். பெரிய உருவம், பெரிய வாய். அவர்தான் ஒருநாள் மேசைக்கு முன்னால் நின்றே சொன்னார்.

"அக்கா, உங்க குரூப்பை நான் ஊமையாக்கி ஆறு மாசமாச்சு."

"ஏன்ப்பா, பூ பிடிக்காதா?"

"பூ பிடிக்கும்க்கா. தினமும் நெஞ்சு மேல போட்டா, செத்துட்ட மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மேசையக்காவும் சிரித்தார். வலப்பக்கத்து பெட்டுக்காரரான தையல்காரர்தான் சமாதானம் சொன்னார். "உங்க மெசேஜ் பத்து பாக்கெட் வச்ச சட்டை மாதிரிக்கா. நல்லாத்தான் இருக்கு. சாவியை எந்தப் பாக்கெட்ல போட்டோம்னுதான் தெரியறதில்ல."

தையல்காரர் ஒல்லியானவர், சாது. ஊசி குத்திய கையை நான்கு மணி நேரம் அசைக்காமல் வைத்திருப்பது எல்லாருக்கும் கஷ்டம் என்று, வெட்டுத் துணிகளைச் சேர்த்துக் கைக்கு அடியில் வைக்கும் சின்னத் தலையணைகள் தைத்துக் கொண்டுவந்தார். ஒரு பெட்டுக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்காரருடையது பச்சைக் கட்டம் போட்டது. கடைசி இரண்டு பெட்டுக்கு மட்டும் பாக்கி இருந்தது. தைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் மெஷின் பழுதாயிற்று. ரத்தத்தைச் சுத்தம் செய்ய முதலில் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த மெஷின் நின்றால் எல்லா பெட்டும் நின்றது மாதிரிதான். ஞாயிறு வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முழுக்க மையத்தை மூடிச் சரிசெய்வது என்று முடிவாயிற்று. அதனால் திங்கட்கிழமை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட வேண்டும். வழக்கமாக ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை உடம்பு தாங்குவதே பெரிய பாடு. அதற்கு மேல் ஒரு நாள் தள்ளிப்போனால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும், பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். அது தெரியாத ஆள் அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை.

மேலாளர் ஓர் அறிவிப்பு எழுதி மேசையக்காவின் போனுக்கு அனுப்பினார். மேசையக்கா அதைக் குழுவுக்குத் தள்ளிவிட்டார். அன்று காலையில் போட்ட பூவுக்கு நேர் கீழே அது போய் உட்கார்ந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை. மேசையக்கா எங்களுக்குப் பக்கத்துத் தெரு. கடையில் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னார், அதனால் தெரியும். லாரிக்காரருக்கு அவர் மகள் படித்துச் சொன்னாள்.

ஞாயிறு போனோம். தையல்காரர் பெட் காலியாக இருந்தது.

அன்று மேசையக்காவுக்கு நிற்க நேரமில்லை. இருந்தும் ஒரு தடவை தையல்காரருக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. உடனே குழுவைத் திறந்து, அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தார். பார்த்தவர்கள் வரிசையில் தையல்காரர் பெயர் இருந்தது, நீலக் குறியோடு.

"பார்த்திருக்கார்" என்றார் என்னிடம். "மக ஊருக்குப் போயிருப்பாரு. அங்கேயும் ஒரு சென்டர் இருக்கு. போன தடவை அங்கதான் போட்டுக்கிட்டார்."

அந்த நீலக் குறியை நம்பி அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை காலையில் தையல்காரர் வழக்கம்போல் பையோடு வந்து பூட்டிய கதவைத் தட்டியிருக்கிறார். காவலாளி, "நேத்தே எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்களேய்யா" என்றிருக்கிறார். காவலாளியே மேசையக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"மூச்சு வாங்குதான்னு கேளுங்கண்ணே."

"நல்லாத்தான் பேசறாரும்மா. கொஞ்சம் கால் வீக்கம்தான்."

"தண்ணியே குடிக்க வேணாம்னு சொல்லுங்க. நாளைக்குக் கதவு திறந்ததும் முதல் பெட் அவருக்குத்தான். மூச்சு முட்டுனா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

தையல்காரர் தலையாட்டிவிட்டு, காவலாளியின் சட்டையில் தொங்கிய பொத்தானைப் பார்த்து, "நாளைக்கு ஊசி நூல் கொண்டாறேன்" என்று சொல்லிப் போனாராம்.

செவ்வாய் விடியுமுன் அவர் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், சம்சாரத்தின் மடியில்.

புதன்கிழமை நாங்கள் போனபோது மேலாளர் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மேசையக்காவின் போனை வாங்கி, அந்த நீலக் குறியைப் படம் பிடித்துத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்.

"பார்த்திருக்கார்மா. நாம சொல்லியாச்சு. நம்ம பக்கம் தப்பில்ல. இதை அழிச்சிடாதீங்க."

 அன்றைக்குக் குழுவில் பூ வரவில்லை.

தையல்காரர் சம்சாரம் காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை மேசை மேல் வைத்து, இரண்டு சின்னத் தலையணைகளை எடுத்தார். ஒன்று முழுசாகத் தைத்திருந்தது. இன்னொன்றின் ஒரு பக்கம் கைத்தையல், கோணலாக.

"இதை நான் மூடினேன்" என்றார். "அவருக்கு இருந்த கை எனக்கு இல்ல."

மேசையக்கா எழுந்து நின்றார். தலையணையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணன் அந்த மெசேஜைப் பார்த்தாரேம்மா. குறி விழுந்திருக்கே. அப்புறம் ஏன் வரல?"

அந்த அம்மா கோபப்படவில்லை. பையிலிருந்து தையல்காரருடைய போனை எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்ட போன். குழுவைத் திறந்து, மேலே மேலே தள்ளி, அந்த இடத்தில் நிறுத்தி மேசை மேல் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

முதலில் ரோஜாப்பூ. அதற்குக் கீழே அறிவிப்பு. உச்சியில் ஃபார்வர்ட் என்று சாய்ந்த எழுத்து. பிறகு ஒரு சிவப்பு மணி, மூன்று கும்பிட்ட கை. பிறகு இப்படி:

"நமது மதிப்பிற்குரிய பயனாளர்கள் மற்றும் அவர்தம் குடும்பத்தார் அனைவரின் கனிவான கவனத்திற்கு. தங்களின் நலனே எங்களின் உயிர்மூச்சு என்ற உயரிய நோக்கோடு தொடர்ந்து சேவையாற்றி வரும் நமது மையம், உலகத்தரம் வாய்ந்த சிகிச்சையைத் தடையின்றி வழங்கும் பொருட்டு, அவ்வப்போது மேற்கொள்ளும் பராமரிப்புப் பணிகளின் தொடர்ச்சியாக..."

அந்த இடத்தில் செய்தி மடிந்து, "மேலும் படிக்க" என்று நின்றது. ஞாயிறு என்ற சொல் அதற்குள்ளே எங்கோ இருந்தது.

"சனிக்கிழமை நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார் அந்த அம்மா. "தையல் மெஷின்ல உட்கார்ந்து இந்தத் தலையணையைத் தைச்சுக்கிட்டே போனைத் திறந்தார். என்னங்கன்னு கேட்டேன். 'அக்கா பூ போட்டிருக்கு, கூடவே ஏதோ வாழ்த்து'ன்னு சொல்லிட்டு வச்சுட்டார். உங்க பூவுக்குக் கீழ இருந்ததும்மா. இதுவும் பூன்னு நெனச்சுட்டார்."

அவ்வளவுதான் சொன்னார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுப் போனார். மேசையக்கா நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று எழுந்திருக்கவில்லை. திறந்தது என்பதும் படித்தது என்பதும் ஒன்றில்லை என்று அந்தக் குறிக்குத் தெரியாது. கடவுளே, எங்கள் யாருக்கும் கூடத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் தண்ணீர் மெஷினுக்குப் புதுப் பாகம் வந்தது. அதை மாட்ட மறுபடியும் ஒரு திங்கட்கிழமை மூட வேண்டும். அதே ஞாயிறு, அதே ஆட்கள், ஒருவர் குறைவு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேலாளரின் அறிவிப்பு மேசையக்காவின் போனில் வந்து விழுந்தது. முன்னதைவிட நீளம். இந்தத் தடவை தடித்த எழுத்தில், "குறித்த நாளில் வரத் தவறுவோருக்கு ஏற்படும் விளைவுகளுக்கு நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பாகாது" என்று ஒரு வரி கூடியிருந்தது. மணியும் இரண்டாகியிருந்தது.

மேசையக்கா அதைத் தள்ளிவிடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, எங்கள் வீட்டுக்காரருக்கும் லாரிக்காரருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். 

"இதை நான் எழுதறேன். படிச்சுச் சொல்லுங்க. யாராவது ஒருத்தர் வராம போனா, என்னால இந்த மேசையில உட்கார முடியாது."

ஏதோ தட்டினார். லாரிக்காரர் ஊசி இல்லாத கையால் வாங்கிப் படித்தார். "திங்கள் பேட்ச் ஞாயிறு வரவும். தவறக்கூடாது."

"எப்படி இருக்கு?"

"கோர்ட்ல இருந்து ஆள் விட்ட மாதிரி இருக்கு. நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

அழித்தார். மறுபடி தட்டினார். பழைய கை சும்மா இருக்குமா, "அன்பு நெஞ்சங்களுக்குப் பணிவான வணக்கங்களுடன்" என்று தொடங்கிவிட்டது. அவரே பார்த்து, சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகத்தைச் சுளித்து அழித்தார்.

"அச்சகம் விடமாட்டேங்குது" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடியபடியே சொன்னார். "கடையில எங்க வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

மேசையக்கா யோசித்தார். "திங்கக்கிழமை சென்டர் மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழமையே வந்துடுங்கன்னு சொன்னேன்."

"அதுல என்ன குறை? அதைக் கேட்டுத்தானே நாங்க வந்தோம்."

அதையே முதல் வரியாக வைத்தார். லாரிக்காரர் தன் போனை மூடித் தொடையில் வைத்துக்கொண்டார். "எனக்கு மட்டும் அனுப்பிப் பாருங்க. திறக்காம எவ்வளவு தெரியுதுன்னு பார்ப்போம்." அனுப்பினார். பூட்டிய திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் எட்டிப் பார்த்தது. "நாள் தெரியுது. ஆனா எந்தத் திங்கள்? இதை நான் திங்கக்கிழமை படிச்சா அடுத்த ஞாயிறுன்னுல்ல நெனைப்பேன்?"

தேதி சேர்ந்தது. பிறகு நான் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை ஆளுங்களும் குரூப்ல இருக்காங்களே, அவங்களும் ஞாயிறு வந்து நின்னா?" யாருக்கு என்பது தேதிக்கும் முன்னால் போயிற்று. "ஏன் மூடறீங்கன்னு சொல்லாட்டி, காசு கட்டலைன்னு மூடிட்டான்னு நானே ஊர் பூரா சொல்லுவேன்" என்றார் லாரிக்காரர். காரணத்துக்கு ஒரு வரி. மன்னிப்புக்கு ஒரு சின்ன வரி, கும்பிட்ட கை இல்லாமல்.

கடைசியில் மேசையக்கா தானாகவே ஒன்றைச் சேர்த்தார். அதைச் சேர்க்கும்போது யாரையும் பார்க்கவில்லை.

அவர் குழுவில் போட்டது இது:

"திங்கள் வருபவர்களுக்கு: 18 திங்கள் மையம் மூடியிருக்கும். 17 ஞாயிறே வாங்க.
உங்கள் வழக்கமான நேரம், அதே பெட்.
தண்ணீர் மெஷினுக்குப் புதுப் பாகம் மாட்டுகிறார்கள். அலைச்சலுக்கு மன்னிச்சுக்குங்க.
படித்ததும் 'வரேன்' என்று எழுதுங்க. எழுதாதவங்களுக்கு இன்னைக்கே நான் போன் பண்ணுவேன்.
மேசையக்கா"

தள்ளிவிட்ட செய்தி இல்லை என்பதால் உச்சியில் அந்தச் சாய்ந்த எழுத்து இல்லை. எங்கும் மடியவும் இல்லை. அன்று அதற்கு மேலே பூவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, வீட்டுக்குக் கூப்பிடற மாதிரி எழுதியிருக்கீங்க? தலைமை அலுவலகம் பார்த்தா என்ன சொல்வாங்க? பொறுப்பில்லைங்கற வரி எங்க?"

"அதை அப்படியே பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டிட்டேன் சார். ஓர் எழுத்து மாத்தல."

"நாளைக்கு ஏதாவதுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"அதுக்குத்தான் சார் கீழ பேர் போட்டிருக்கேன்."

மேலாளர் சுவரைப் பார்த்தார். அறிவிப்பு அங்கே மணி, கும்பிட்ட கை எல்லாவற்றோடும் நன்றாகத்தான் இருந்தது. அதன் முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

'வரேன்' வரத் தொடங்கியது. லாரிக்காரர்தான் முதல். "வரேன், பூ இல்லாம." பிறகு ஒவ்வொருவராக. ஒருவர் குரலில் பேசி அனுப்பினார். ஒரு பாட்டிக்காகப் பேரன் எழுதினான். மேசையக்கா ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நானும் எனக்குத் தெரிந்த வகையில் எழுத்துக் கூட்டி எங்கள் வீட்டுக்காரருக்காக ஒரு 'வரேன்' போட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெயர் வந்தது. தையல்காரர் பெயர்.

அவரைக் குழுவிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. போன் அந்த அம்மாவிடம்தான் இருந்தது. ஊசியில் நூல் கோக்கிற படம், அதுதான் அவர் படம். அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தது:

"படிச்சேன். தெளிவா இருக்கு. இருந்திருந்தா வந்திருப்பார்."

மேசையக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் எழுதப் போவது போல் விரல் போயிற்று, திரும்பியது. அவர் கையில் இல்லாத வாசகமா? கண்ணீர் அஞ்சலிக்கென்றே எத்தனை கோத்திருப்பார். ஒன்றும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து ஒரு சின்னச் சாம்பல் வரி விழுந்தது. தையல்காரர் வெளியேறினார் என்று.

 எனக்கு ஜெபம் மறந்துபோயிற்று. மேசையக்கா புடவைத் தலைப்பால் போன் திரையைத் துடைத்தார், அதில் ஏதோ விழுந்திருந்தது. பிறகு பெயர்களை மேலிருந்து மறுபடி பார்த்தார். கடைசி பெட்டுக்குச் சாயங்கால நேரத்தில் புதிதாக வரும் ஒரு மனிதர், கோணல் தையல் தலையணைக்காரர், இன்னும் 'வரேன்' போடவில்லை. அவருக்கு நேராக நீலக் குறி மட்டும் இருந்தது.

மேசையக்கா அவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.